மூடிய கணக்கின் பழைய கூற்று: ஆறு ஆண்டு எங்கிருந்து எண்ணப்படுகிறது?

கொக்குவில் வாசகி, 2025 யூன் 9

மூடிய கணக்குக்கு வங்கி கூற்றுத் தராது என்பது என் அனுபவம். யாருக்காவது வேறுவிதமாக நடந்திருந்தால் சொல்லுங்கள்.

2012 மார்ச்சில் தொடங்கிய சேமிப்புக் கணக்கை 2021 பெப்ரவரியில் மூடினேன். நோர்வேயில் இருக்கும் அண்ணா அந்தக் காலத்தில் மூன்று தடவை பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில்தான் 2018 ஏப்ரலில் காணி வாங்கினோம். இப்போது வரிக்கோப்புத் திறந்திருக்கிறேன். சொத்து விபரத்தில் காணியைக் காட்டியதும் கணக்காளர், பணம் வந்த வழிக்கு ஒரு தாள் கையில் இருக்கட்டும் என்றார். கிளைக்குப் போனேன். அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த இலக்கத்தில் கணக்கே இருந்ததில்லை என்றார்கள். ஒன்பது வருடம் பணம் போட்டு எடுத்த கணக்கு அது!

ஏட்டுக்காரன், கந்தர்மடம், 2025 யூன் 9, இரவு

தரும். கணக்கை மூடினால் ஏடும் சேர்ந்து எரிந்துபோவதில்லை. இருபது வருடமாகக் கடைக்காரர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கிறேன். மூடிய கணக்கின் கூற்றுகளைப் பல தடவை எடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் கொடுத்தது பழைய அடையாள அட்டையின் இலக்கமா, புதியதா?

கொக்குவில் வாசகி, 2025 யூன் 10

புதியது. பழையது தொலைந்து 2019இல் மாற்றி எடுத்தேன்.

ஏட்டுக்காரன், 2025 யூன் 10

கோளாறு அங்கேதான். நீங்கள் கணக்குத் தொடங்கிய 2012இல் எல்லோருக்கும் ஒன்பது எண்ணும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். பன்னிரண்டு எண் அட்டை 2016இல்தான் வந்தது. கணக்கு நடப்பில் இருக்கும்போது புதிய இலக்கத்தைக் கொடுத்துப் பதிந்திருந்தால் சரி. நீங்கள் கொடுத்திருக்கமாட்டீர்கள். அப்படியென்றால் அவர்களுடைய பதிவில் நீங்கள் இன்னும் பழைய இலக்கக்காரி.

பழைய இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்கும், அல்லது காணி உறுதியில் வாங்குபவரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். கணக்கு இலக்கம் தெரிந்தால் இன்னும் நல்லது.

சுன்னாகம் மச்சான், 2025 யூன் 10

வீணாக அலையாதீர்கள் அக்கா. சட்டப்படி ஆறு வருடம்தான். கணக்கை மூடிய நாளிலிருந்து ஆறு வருடம் வங்கி எல்லாவற்றையும் வைத்திருக்கவேண்டும், பிறகு அழித்துவிடும். நீங்கள் 2021இல் மூடியபடியால் 2027 பெப்ரவரி வரைக்கும் கேட்கலாம். மூடிய அன்றே அவர்களே ஒரு கூற்றுத் தந்திருக்கவேண்டும், தராதது அவர்களுடைய பிழை.

ஏட்டுக்காரன், 2025 யூன் 11

பாதி சரி, மச்சான். மற்றப் பாதியை நம்பிப் போனால் அக்கா கருமபீடத்தில் வாயடைத்து நிற்பார்.

நீங்கள் சொல்வது 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம். ஆறு ஆண்டு என்று அது சொல்வது உண்மை. ஆனால் இரண்டு பொருளை இரண்டு நாளிலிருந்து எண்ணுகிறது. நீங்கள் யார் என்று காட்டும் ஆவணங்கள், அதாவது அடையாள அட்டைப் பிரதி, விண்ணப்பப் படிவம் போன்றவை, கணக்கை மூடிய நாளிலிருந்து ஆறு ஆண்டு இருக்கவேண்டும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலின் பதிவும் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்த நாளிலிருந்தே ஆறு ஆண்டு.

அக்காவின் கணக்கில் வைத்துப் பாருங்கள். அடையாள அட்டைப் பிரதி 2027 பெப்ரவரி வரை இருந்தாகவேண்டும். 2018 ஏப்ரலில் காணிக்கு எடுத்த பணத்தின் பதிவை 2024 ஏப்ரல் வரை வைத்திருந்தாலே சட்டத்துக்குப் போதும். கணக்கின் சொந்தக்காரியை வங்கிக்குத் தெரியும், அவருடைய பணத்தைத் தெரியாது என்று சொல்லக்கூடிய நிலை.

ஆனாலும் போகச் சொல்கிறேன். ஆறு ஆண்டு என்பது ஆகக் குறைந்த காலம். அதற்குப் பிறகு அழித்தேயாகவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கணினியில் இருக்கும் வரவு செலவு வரிகளை வங்கிகள் அதைவிட நீண்ட காலம் வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். முதலில் போவது கடதாசிதான்: வைப்புச் சீட்டு, காசோலை, கையொப்பமிட்ட படிவம்.

ஓய்வுபெற்ற காசாளர், 2025 யூன் 11

ஏட்டுக்காரத் தம்பி சொல்வது சரி. முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். வங்கிகள் கணினி முறையை மாற்றும்போது பழைய கணக்கு இலக்கங்களும் மாறியிருக்கும். நடப்பில் இருந்த கணக்குகள் புதிய முறைக்குப் போகும், மூடியவை பழைய முறையிலேயே கிடக்கும். கருமபீடத்தில் இருக்கும் பிள்ளையின் திரையில் பழைய முறை தெரியாது. இல்லை என்று அது சொல்வது பொய்யல்ல. அதன் திரையில் இல்லை. எழுத்தில் கேட்டால்தான் கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போகும், அங்கே வேறொருவர் தேடுவார். வாயால் கேட்ட கேள்வி கருமபீடத்தைத் தாண்டாது.

ஏட்டுக்காரன், 2025 யூன் 11, சற்றுப் பிந்தி

காசாளர் ஐயாவின் கடைசி வசனத்தைத் தாளில் எழுதி ஆஸ்பத்திரி வீதி முழுக்க ஒட்டவேண்டும்.

ரொறன்ரோவிலிருந்து ஒருவன், 2025 யூன் 13

இதையேதான் நானும் கேட்க இருந்தேன். 1995 இடப்பெயர்வுக்கு முன்னர் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் போட்ட பணம். பாஸ் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அப்பா 2003இல் காலமாகிவிட்டார். கூற்று எடுக்க எவ்வளவு கேட்பார்கள்?

ஏட்டுக்காரன், 2025 யூன் 13

உங்களுடையது வேறு கதை. அந்தக் கணக்கை யாரும் மூடவில்லை, அது உறங்குகிறது. பத்து ஆண்டு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத வைப்பை, வங்கிச் சட்டத்தின்கீழ், கைவிடப்பட்ட சொத்து என்று மத்திய வங்கிக்கு அறிவித்து மாற்றிவிடுவார்கள். மாற்றினாலும் உரிமை போய்விடாது. கணக்கிருந்த வங்கியூடாகவே கேட்கவேண்டும். நீங்கள் கூற்றுக் கேட்கக்கூடாது, பணத்தைக் கேட்கவேண்டும். அதற்கு முதல் நீங்கள் உரித்தாளர் என்று நிறுவவேண்டும். அதுவரை வங்கி இரகசியம் என்று சொல்லி உங்களுக்கு மீதியைக்கூடச் சொல்லமாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். அந்த மை மங்கும்.

கொக்குவில் வாசகி, 2025 யூன் 17

கணக்கு அகப்பட்டது! பழைய இலக்கத்தைக் கொடுத்ததும் ஐந்து நிமிடம். இலக்கம் உறுதியில்தான் இருந்தது.

இப்போது புதிய தலையிடி. கணக்குத் தொடங்கியதிலிருந்து மூடியது வரை கூற்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மாதத்துக்கு 200 ரூபாயாம். 108 மாதம். 21,600 ரூபாய். என் பணத்தைப் பற்றி எனக்கே சொல்ல இருபதாயிரமா? இப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா?

சுன்னாகம் மச்சான், 2025 யூன் 17

பகற்கொள்ளை. மத்திய வங்கி இதற்கு ஓர் உச்சத் தொகை வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

ஏட்டுக்காரன், 2025 யூன் 17

எந்தச் சுற்றறிக்கையில், எந்த இலக்கத்தில் என்று கொண்டுவாருங்கள் மச்சான், நானே கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறேன்.

நடைமுறை இதுதான். ஒவ்வொரு வங்கியும் தன் கட்டணப் பட்டியலை வைத்திருக்கும். வழமையான கூற்றுக்கு ஒரு வரி, இரண்டாம் பிரதிக்கு ஒரு வரி, பழைய ஆண்டுக் கூற்றுக்கு இன்னொரு வரி. சில பக்கத்துக்கு வாங்கும், சில மாதத்துக்கு, சில ஆண்டுக்கு. சில தேடற்கட்டணம் என்று தனியாகவும் போடும். அடுத்த வங்கிக்காரனின் கட்டணத்தைச் சொல்லி வாதாட முடியாது. ஆனால் கட்டணத்தை முன்கூட்டியே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டும். மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் அடிப்படைகளில் அதுவும் ஒன்று. ஆகவே கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்த 200 பட்டியலில் எந்த வரி? விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் கட்டத்தான் வேண்டும். காட்டாவிட்டால் கட்டாதீர்கள்.

இன்னொன்று. மூடிய கணக்கில் கழிக்கப் பணம் இல்லாதபடியால் காசாகவே வாங்குவார்கள். காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு இல்லாத கட்டணம் கட்டணமே அல்ல.

ஏட்டுக்காரன், 2025 யூன் 18

நேற்றுக் கோபத்தில் எழுதியதால் முக்கியமானதை விட்டுவிட்டேன். அக்கா, உங்களுக்கு ஏன் 108 மாதம்? 2013இல் நீங்கள் மின்கட்டணத்துக்கு எடுத்த பணம் யாருக்கு வேண்டும்? அண்ணாவின் பணம் வந்த மூன்று நாட்களும் நினைவிருக்கிறதா?

கொக்குவில் வாசகி, 2025 யூன் 18

அண்ணாவிடம் கேட்டேன். 2017 ஓகஸ்ட், 2018 தை, 2018 மார்ச். கணக்காளர் 2017/18 என்று எழுதியிருந்தபடியால், இன்று காலை 2017 தை முதல் மார்கழி வரை மட்டும் போதும் என்று வங்கியில் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். 12 மாதம், 2,400.

ஏட்டுக்காரன், 2025 யூன் 18

ஐயோ. பணம் கட்டிவிட்டீர்களா?

2017/18 என்பது வரி ஆண்டு. 2017 ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி 2018 மார்ச் 31இல் முடியும். நீங்கள் கேட்டது நாட்காட்டி ஆண்டு. அதில் ஓகஸ்ட் பணம் மட்டும் இருக்கும். மற்ற இரண்டும் விழாது. இரண்டாம் முறை போய் இரண்டாம் முறை கட்டுவீர்கள். இந்தப் பிழையை வருடத்துக்கு நான்கு பேராவது செய்வார்கள். நானும் ஒரு தடவை செய்தேன், கடைக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்று மாதமும், காணிக்குப் பணம் எடுத்த 2018 ஏப்ரலும். நான்கு மாதம், 800 ரூபாய். அவ்வளவுதான்.

கொக்குவில் வாசகி, 2025 யூன் 18

கட்டவில்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள். தப்பினேன்.

ஏட்டுக்காரன், 2025 யூன் 19, அதிகாலை

வங்கிக்குப் போகும் முன் இதை வாசியுங்கள். நான்கு மாதம் என்று நேற்றுச் சொன்னதை மீளப் பெறுகிறேன்.

படுத்தபின் யோசித்தேன். ஓகஸ்ட் தாளின் கடைசி மீதி ஒன்றாக இருக்கும், தைத் தாளின் தொடக்க மீதி வேறொன்றாக இருக்கும். இடையில் என்ன நடந்தது என்று பார்ப்பவன் கேட்பான். ஓகஸ்டில் வந்த பணத்தைச் செப்டம்பரில் எடுத்து வேறு எதற்காவது செலவழித்துவிட்டு, காணியை வேறு பணத்தில் வாங்கியிருக்கலாமே? பணம் வந்தது மட்டும் போதாது, காணி வாங்கும்வரை அது அங்கேயே கிடந்தது என்றும் தெரியவேண்டும். ஆகவே இடைவெளி இல்லாமல் 2017 ஓகஸ்ட் முதல் 2018 ஏப்ரல் வரை. ஒன்பது மாதம், 1,800 ரூபாய். ஆயிரம் ரூபாய் கூடத்தான், ஆனால் ஒரே தடவையோடு முடியும்.

கடிதத்தில் மூன்று விடயம் மறக்காதீர்கள். பழைய அடையாள அட்டை இலக்கம், கணக்கு இலக்கம், முதல் நாளும் கடைசி நாளும் திகதியாக. வருடம் என்று எழுதவேண்டாம், திகதி எழுதுங்கள். கிளையின் முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் வேண்டும் என்றும் எழுதுங்கள். கணினித் தாள் வெறுமையாக வந்தால் பிறகு அதற்கு ஒரு நடை. கடிதத்தின் பிரதியில் கிடைத்ததற்கு ஒரு கையொப்பம் வாங்கி வையுங்கள்.

நெல்லியடி ரீச்சர், 2025 யூன் 20

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் புத்தகம் பதியாமல் விட்டேன். பிறகு பதியக் கொடுத்தபோது நாற்பது வரியையும் சேர்த்து ஒரே வரியாக அடித்துத் தந்துவிட்டார்கள். வரவு மொத்தம், பற்று மொத்தம், அவ்வளவுதான். விபரம் வேண்டுமென்றால் கூற்று எடுங்கள், கட்டணம் உண்டு என்கிறார்கள். புத்தகத்தில் இலவசமாக வந்திருக்கவேண்டியதை இப்போது காசுக்கு வாங்குகிறேன். இது சரியா?

ஓய்வுபெற்ற காசாளர், 2025 யூன் 20

ரீச்சர், கோபிக்கக்கூடாது. பதியாத வரிகள் ஒரு அளவுக்கு மேல் சேர்ந்தால் கணினி அப்படித்தான் சுருக்கும். நாற்பது வரி அடிக்கப் புத்தகத்தில் இடமும் இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பதிந்திருந்தால் வந்திராது.

நெல்லியடி ரீச்சர், 2025 யூன் 20

கோபிக்கவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் புத்திமதியை எனக்கே சொல்கிறீர்கள்.

கொக்குவில் வாசகி, 2025 யூலை 3

கூற்று வந்துவிட்டது. பதினொரு நாள் எடுத்தார்கள். பட்டியலைக் கேட்டேன், உத்தியோகத்தர் முகத்தைச் சுளித்தாலும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த தாளைக் காட்டினார். மாதம் 200 என்றுதான் இருந்தது. 1,800 கட்டினேன், பற்றுச்சீட்டு இருக்கிறது.

ஆனால் ஏட்டுக்கார அண்ணை, அதில் இரண்டு பணம்தான் இருக்கிறது. ஓகஸ்டும் மார்ச்சும். தை மாதத்தில் எதுவும் இல்லை. மூன்று தரம் பார்த்தேன். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர் நானே போய் எடுத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. என் பணத்தை விழுங்கிவிட்டார்களா?

சுன்னாகம் மச்சான், 2025 யூலை 3

சொன்னேனே. ஒரு வரியை மறைத்துவிட்டார்கள். 1935க்கு எடுங்கள், மத்திய வங்கியின் இலக்கம்.

ஏட்டுக்காரன், 2025 யூலை 3

பொறுங்கள் மச்சான். இலக்கம் சரி, அவசரம் பிழை. முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, அது சரிவராவிட்டால்தான் மத்திய வங்கியும் நிதி ஒம்புட்ஸ்மனும். அதற்கும் முன்னர், முறையிட ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அக்கா, கூற்றில் ஒரு வரியை மறைத்தால் அடுத்த வரியின் மீதி இடிக்கும். 2017 மார்கழிக் கடைசி மீதியை எடுத்து, தையில் வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்துப் பாருங்கள். தைக் கடைசி மீதி ஒத்துவருகிறதா?

கொக்குவில் வாசகி, 2025 யூலை 4

ஒத்துவருகிறது. சதம் வரை.

ஏட்டுக்காரன், 2025 யூலை 4

அப்படியென்றால் அந்தப் பணம் உங்கள் கணக்கைத் தொடவேயில்லை. ஒன்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் போய் எடுத்தேன் என்கிறீர்கள். ஓகஸ்ட் பணத்தையும் போய் எடுத்தீர்களா, அல்லது கணக்கில் விழுந்ததா?

கொக்குவில் வாசகி, 2025 யூலை 4

ஓகஸ்ட் பணம் கணக்கில் விழுந்தது. தை மாதம் அண்ணா தொலைபேசியில் ஓர் இலக்கம் சொன்னார். அதை அடையாள அட்டையோடு கொடுத்துக் காசாக வாங்கினேன். அதே வங்கி, அதே கிளை. ஆகவே அதே கணக்கு என்று நினைத்துவிட்டேன்.

ஏட்டுக்காரன், 2025 யூலை 4

அதுதான். இலக்கம் சொல்லிக் காசாக எடுக்கும் பணவனுப்பலுக்குக் கணக்கே தேவையில்லை. வங்கி அங்கே கொடுப்பனவு முகவர் மட்டும். அது எந்தக் கூற்றிலும் வராது. 108 மாதத்துக்கும் 21,600 கட்டியிருந்தாலும் வந்திராது. அதற்குச் சாட்சி நீங்கள் அன்றைக்குக் கையொப்பமிட்ட படிவமும் அதோடு எடுத்த அடையாள அட்டைப் பிரதியும். அதுவும் கொடுக்கல் வாங்கல் நாளிலிருந்து எண்ணும் ஆறு ஆண்டுக்குள் வரும் கடதாசி. 2024 தையோடு காலம் முடிந்தது. கேட்டுப் பாருங்கள், ஆனால் தேடற்கட்டணம் என்று எதையாவது முன்கூட்டிக் கேட்டால், அகப்படாவிட்டால் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், 2025 யூலை 5

தம்பி, இதில் நான் உடன்படமாட்டேன். தேடுவதும் வேலைதான். களஞ்சியத்தில் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்க்க ஆள் போகவேண்டும். அகப்படாவிட்டாலும் அந்த ஆளின் நாள் போய்விட்டது.

ஏட்டுக்காரன், 2025 யூலை 5

தேடப் போகிறவருக்கு அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா, எரித்தாயிற்றா என்று முதலே தெரியவேண்டும் ஐயா. எரித்த பெட்டியைத் தேடக் காசு வாங்குவதைத்தான் நான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர், 2025 யூலை 5

அது நியாயம். ஆனால் அழித்த பெட்டிகளின் பட்டியலைக் கிளையில் ஒழுங்காக வைத்திருந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கொக்குவில் வாசகி, 2025 யூலை 19

படிவம் இல்லை என்று கிளையிலிருந்து எழுத்தில் பதில் வந்தது. கட்டணம் கேட்கவில்லை. அண்ணா அங்கே அனுப்பிய நிறுவனத்திடம் தன் பெயரில் உள்ள பழைய அனுப்பல்களைக் கேட்டிருக்கிறார். கணக்காளர், இரண்டு பணத்துக்கும் கூற்று, மூன்றாவதற்கு வங்கியின் இல்லை என்ற கடிதமும் அண்ணாவின் தாளும் என்று கோப்பில் போட்டு வைப்போம், கேட்டால் பார்க்கலாம் என்கிறார்.

இன்னொன்று. அம்மாவின் சேலைப் பெட்டியைக் கிளறியபோது பாஸ் புத்தகம் அகப்பட்டது. ஓகஸ்ட் வரியும் மார்ச் வரியும் அதில் அப்படியே இருக்கின்றன.

நெல்லியடி ரீச்சர், 2025 யூலை 19

1,800 ரூபாய்!

ஏட்டுக்காரன், 2025 யூலை 19

முத்திரையோடு வந்த கூற்றுக்குத்தான் அந்த 1,800, ரீச்சர். ஆனாலும் அக்கா, சேலைப் பெட்டியில் வேறு என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அண்ணா அந்த இலக்கத்தைச் சொன்னபோது எதிலாவது எழுதியிருப்பீர்களே.

கொக்குவில் வாசகி, 2025 யூலை 20

2018 நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதினேன். அந்த நாட்காட்டியைத்தான் பிள்ளையின் கொப்பிக்கு உறை போட்டோம்.